நிகழ்ச்சி நின்றுபோனால் டிக்கெட் பணம் யார் கையிலிருந்து வரும்?

டர்பன் பக்கம் தமிழ்ச் சங்கம், கோயில் கமிட்டி, நாடகக் குழு என்று எதிலாவது பொருளாளராக இருந்தவர்களுக்கு இந்தப் பயம் தெரியும். ஹால் பிடித்தாயிற்று, டிக்கெட் விற்றாயிற்று, சென்னையிலிருந்து பாடகர் வருகிறார், அப்புறம் ஒரு போன் வருகிறது, நிகழ்ச்சி நடக்காது. அடுத்த நாள் காலையிலிருந்து டிக்கெட் வாங்கியவர்கள் கூப்பிட ஆரம்பிப்பார்கள். சாட்ஸ்வொர்த்தில் ஒரு பெரியம்மா என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, இன்சூரன்ஸ் இருக்குன்னு சொன்னீங்களே, அப்போ என் காசு இன்சூரன்ஸ்காரன் அனுப்புவானா?"

அனுப்பமாட்டான். அந்த ஒரு கேள்விக்கான பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் சங்கத்தில் இருக்கிறவர்களே பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். ஒரு நிகழ்ச்சியில் மூன்று தனித்தனி ஒப்பந்தங்கள் இருக்கின்றன. ஹால்காரருக்கும் சங்கத்துக்கும் ஒன்று. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சங்கத்துக்கும் ஒன்று. டிக்கெட் வாங்கியவருக்கும் சங்கத்துக்கும் ஒன்று. மூன்றிலும் இருக்கிற ஒரே ஆள் சங்கம்தான். ஹால்காரர் டெபாசிட்டைத் திருப்பித் தரவில்லை என்பது அந்தப் பெரியம்மாவின் பிரச்சினை இல்லை, இன்சூரன்ஸ் பணம் வர மூன்று மாதம் ஆகும் என்பதும் அவர் பிரச்சினை இல்லை. அவர் 250 ராண்ட் கொடுத்தார், சொன்ன தேதியில் சொன்ன கச்சேரி நடக்கவில்லை, பணம் அவருக்குத் திரும்ப வேண்டும். "இன்சூரன்ஸ் வந்ததும் தருகிறோம்" என்று சொல்கிற கமிட்டி தன்னுடைய கஷ்டத்தை டிக்கெட் வாங்கியவர் தலையில் வைக்கிறது, அது சரியே இல்லை.

தென்னாப்பிரிக்காவில் இதற்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது. 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் சட்டம், அதாவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், இரண்டு இடங்களில் இதைத் தொடுகிறது. 65-ஆம் பிரிவு, முன்பணமாக வாங்கிய தொகையைத் தன் சொந்தச் சொத்தைப் போல நடத்தக்கூடாது, பொறுப்போடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. 47-ஆம் பிரிவு, ஒரு குறிப்பிட்ட நாளுக்கு முன்பதிவை ஏற்றுக்கொண்டுவிட்டு வசதி போதாமல் தர முடியாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது: வாங்கிய பணத்தை, வாங்கிய நாளிலிருந்து வட்டியோடு திருப்பித் தரவேண்டும். அதனால் நேரடியாக ஏற்பட்ட செலவையும் கூடத் தரவேண்டும், ஆனால் காரணம் உங்கள் கைமீறியதாக இருந்து, முடிந்த அளவு சீக்கிரம் தகவல் சொல்ல முயன்றிருந்தால் அந்தக் கூடுதல் செலவிலிருந்து மட்டும் தப்பிக்கலாம். டிக்கெட் பணத்திலிருந்து தப்பிக்க முடியாது. பாடகருக்கு உடம்பு சரியில்லை என்பது உங்கள் தவறு இல்லைதான், ஆனாலும் நடக்காத கச்சேரிக்கு வாங்கிய பணத்தை வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை வந்துவிடாது.

சரி, அப்படியானால் இன்சூரன்ஸ் எதற்கு? சங்கத்துக்கு வரும் நஷ்டத்தை ஈடுகட்டத்தான். நிகழ்ச்சி ரத்து பாலிசியில் பொதுவாக இரண்டு வகை உண்டு. செலவை மட்டும் காப்பது ஒன்று. செலவோடு எதிர்பார்த்த லாபத்தையும் சேர்த்துக் காப்பது இன்னொன்று. கோயில், சங்கம் மாதிரி லாபம் பார்க்காத இடங்களுக்குச் செலவுப் பாலிசியே பெரும்பாலும் போதும், பிரீமியமும் குறைவு. இரண்டிலுமே ஒரே நிபந்தனைதான் நடுநாயகம்: ரத்துக்குக் காரணம் உங்கள் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும், ரத்து செய்வதைத் தவிர வேறு வழி இல்லாமல் இருக்க வேண்டும். டிக்கெட் விற்கவில்லை என்பது காரணம் ஆகாது. ஸ்பான்சர் பின்வாங்கினார், பணம் இல்லை என்பதும் ஆகாது. விசா கிடைக்கவில்லை என்பதைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை, அனுமதிகளை நேரத்தோடு வாங்குவது உங்கள் வேலை என்று சொல்லிவிடுவார்கள். இந்தியாவிலிருந்து கலைஞர்களைக் கூப்பிடுகிற நமக்கு இது அடிக்கடி உதைக்கிற இடம்.

கலைஞர் வர முடியாமல் போவதும் சாதாரணப் பாலிசிக்குள் தானாக வந்துவிடாது. பாடகரின் பெயரைப் போட்டு, தனி நீட்டிப்பாக, அதாவது பாலிசியோடு சேர்க்கிற கூடுதல் காப்பாக, வாங்க வேண்டும். வாங்கும்போது அவருடைய உடல்நிலை பற்றிக் கேட்பார்கள், வயது வரம்பு இருக்கலாம், ஏற்கெனவே இருந்த நோயால் வந்த பிரச்சினையை ஒதுக்கிவிடுவார்கள். திறந்தவெளி நிகழ்ச்சிக்கு மழையும் அப்படித்தான், தனியாக வாங்க வேண்டும். வானிலை அறிக்கையில் கறுப்பு மேகம் வந்தபிறகு ஓடினால் யாரும் விற்கமாட்டார்கள். 2020-க்குப் பிறகு தொற்றுநோய் பெரும்பாலான பாலிசிகளில் வெளியே போய்விட்டது. 2021 ஜூலையில் நாம் பார்த்த மாதிரியான கலவரமும் சாதாரணப் பாலிசியில் இல்லை, இந்த நாட்டில் அந்த ஆபத்தை ஏற்பது அரசின் சாஸ்ரியா என்ற இன்சூரன்ஸ் கம்பெனி மட்டும்தான். புரோக்கரிடம் இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் உண்மையிலேயே சொல்ல வந்த விஷயம். ஹால் ஒப்பந்தத்தில் எத்தனை நாள் முன்னால் சொன்னால் எவ்வளவு போகும் என்று ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலும் இன்சூரன்ஸ் பாலிசியும் ஒன்றை ஒன்று இடித்துக்கொள்கிற இடத்தில்தான் சங்கங்கள் பணத்தை இழக்கின்றன. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். எண்கள் நான் எளிதாக வைத்தவை, ஆனால் நடப்பது இப்படித்தான் நடக்கும்.

செப்டம்பர் 26, சனிக்கிழமை, கச்சேரி. ஹால் வாடகை 48,000 ராண்ட், அதில் கால் பங்கு 12,000 டெபாசிட்டாகக் கொடுத்தாயிற்று. ஒப்பந்தம் சொல்வது: 60 நாளுக்கு மேல் இருக்கும்போது ரத்து செய்தால் டெபாசிட் மட்டும் போகும். 60 முதல் 31 நாள் வரை என்றால் வாடகையில் பாதி, 24,000. 30 முதல் 8 நாள் வரை என்றால் முக்கால் பங்கு, 36,000. கடைசி ஒரு வாரம் என்றால் முழுவதும். விமான டிக்கெட்டுக்கு 60,000 போட்டாயிற்று, ரத்து செய்தால் 22,000 திரும்பும், 38,000 போகும். ஒலி ஒளிக்கு 10,000 முன்பணம், அது திரும்பாது. நோட்டீஸ், ரேடியோ விளம்பரம் 6,000, அதுவும் போனதுதான். பாடகருக்கு அட்வான்ஸ் 20,000, அவர் வராவிட்டால் திருப்பித் தருவதாக ஒப்பந்தம். இதுவரை 420 டிக்கெட் விற்றிருக்கிறது, ஒன்று 250 என்று 1,05,000 ராண்ட் வந்திருக்கிறது. செலவுப் பாலிசி இருக்கிறது, பாடகரின் பெயரில் நீட்டிப்பும் இருக்கிறது, ஒவ்வொரு கோரிக்கையிலும் நஷ்டத்தில் முதல் 5,000 ராண்டைச் சங்கமே ஏற்க வேண்டும்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு. பாடகர் வீட்டிலிருந்து போன். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், அறுவை சிகிச்சை, குறைந்தது இரண்டு மாதம் பாடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கச்சேரிக்கு 34 நாள் இருக்கிறது.

இங்கே கமிட்டி வழக்கமாகச் செய்வது என்ன? அடுத்த ஞாயிறு கூட்டம் போடலாம், எல்லாரும் இருக்கட்டும், வேறு பாடகர் கிடைப்பாரா பார்ப்போம் என்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஆகஸ்ட் 26, புதன், அன்றுதான் 31-ஆம் நாள். அதைத் தாண்டினால் ஹால் கட்டணம் பாதியிலிருந்து முக்காலுக்கு ஏறிவிடும். ஆகஸ்ட் 30 கூட்டம் போட்டு, 31 திங்கள் கடிதம் கொடுத்தால், 26 நாள்தான் பாக்கி, 12,000 ராண்ட் அதிகம் போய்விட்டது.

"அதனால் என்ன, இன்சூரன்ஸ்தான் கொடுக்குமே" என்று தோன்றும். கொடுக்காது. நஷ்டத்தைக் குறைக்க நியாயமான முயற்சி செய்வது பாலிசி வைத்திருப்பவரின் கடமை என்று எல்லாப் பாலிசியிலும் ஒரு விதி இருக்கும். உங்களுக்கு 23-ஆம் தேதியே தெரியும், 26-க்குள் சொல்லியிருந்தால் 24,000-த்தோடு நின்றிருக்கும், மீதி 12,000 உங்கள் தாமதத்தால் வந்தது, அதை நாங்கள் தரமாட்டோம் என்பார்கள். அவர்கள் இடத்தில் நின்று பார்த்தால் அது நியாயமும் கூட.

சரி, அப்படியென்றால் ஞாயிறு இரவே ஹால்காரருக்கு ரத்துக் கடிதம் அனுப்பிவிடலாமா? அதுவும் ஆபத்து. இன்சூரன்ஸ் கம்பெனியைக் கேட்காமல் ரத்து செய்தால், "ரத்து தவிர்க்க முடியாததா, தள்ளிப்போட முடியாதா, வேறு கலைஞர் இல்லையா என்று பார்க்க எங்களுக்கு வாய்ப்பே தரவில்லையே" என்று கோரிக்கையையே மறுக்க வழி கிடைத்துவிடும். அவர்களைப் பொறுத்தவரை தள்ளிப்போடுவது மலிவு, ரத்து விலை அதிகம். ஆக ஒரு பக்கம் ஹாலின் கடிகாரம் ஓடுகிறது, இன்னொரு பக்கம் கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. கையில் இருப்பது திங்கள், செவ்வாய், புதன், மூன்றே நாள்.

இதற்கு வழி இருக்கிறது, சிக்கலானதும் இல்லை. ஞாயிறே புரோக்கருக்குப் போன், அதோடு ஒரு மின்னஞ்சல்: என்ன நடந்தது, டாக்டர் சான்றிதழ் எப்போது வரும், ஹால் ஒப்பந்தத்தில் 26-ஆம் தேதிக்குப் பிறகு கட்டணம் 12,000 கூடுகிறது, அதனால் 26 மதியத்துக்குள் ரத்து செய்ய உங்கள் சம்மதம் அல்லது வேறு கட்டளை வேண்டும். இந்தக் கடைசி வரிதான் உயிர். ஹால் பட்டியலின் பிரதியையும் இணைத்துவிடுங்கள். இதை எழுதியபிறகு அவர்கள் தாமதித்து 12,000 கூடினால், அது உங்கள் தாமதம் என்று அவர்கள் சொல்வது ரொம்பக் கஷ்டம். அதே நேரம் ஹால்காரரிடம் தேதி மாற்றினால் என்ன கட்டணம் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள், ஏனென்றால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

26-க்குள் ரத்து செய்தால் கணக்கு இப்படி வரும். திரும்பாத செலவு: ஹால் 24,000, விமானம் 38,000, ஒலி ஒளி 10,000, விளம்பரம் 6,000, மொத்தம் 78,000. சங்கத்தின் பங்கு 5,000 போக இன்சூரன்ஸ் தருவது 73,000. டிக்கெட் வாங்கியவர்களுக்கு 1,05,000-மும் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் சங்கத்தின் கடைசி நஷ்டம் 5,000 மட்டும். 31-ஆம் தேதி ரத்து செய்தால்? செலவு 90,000, ஆனால் இன்சூரன்ஸ் அதே 73,000. நஷ்டம் 17,000. ஒரு வாரத் தாமதத்தின் விலை அது. அந்தத் தொகையை டிக்கெட் பணத்தில் பிடிக்க முடியாது என்பதை மறுபடி சொல்கிறேன், அது சங்கத்தின் சேமிப்பிலிருந்துதான் போக வேண்டும்.

கவனித்தீர்களா, இன்சூரன்ஸ் கணக்கில் டிக்கெட் பணம் என்ற வரியே இல்லை. செலவுப் பாலிசி டிக்கெட்டைத் திருப்பித் தராது. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தபிறகு உங்கள் தலையில் நிற்கிற செலவைத்தான் அது ஏற்கிறது. அதனால்தான் டிக்கெட்டைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டு முழுச் செலவையும் இன்சூரன்ஸில் கேட்கவும் முடியாது. கையில் 1,05,000 இருக்கிறது, செலவு 78,000 என்றால் உங்களுக்கு நஷ்டமே இல்லையே என்பார்கள். திருப்பிக் கொடுத்ததற்கான ஆதாரம், அதாவது பெயர், தொகை, தேதி, வங்கிப் பதிவு, கோரிக்கையோடு போக வேண்டும்.

இன்னொரு பிரச்சினை நேரம். அன்றைய தேதியில் கைப்பணத்தைப் பாருங்கள்: வந்தது 1,05,000, டெபாசிட், விமானம், ஒலி ஒளி, விளம்பரம், அட்வான்ஸ் எல்லாம் சேர்த்துக் கொடுத்தது 1,08,000. சங்கம் ஏற்கெனவே 3,000 கைக்காசு போட்டிருக்கிறது. டிக்கெட் பணம் என்று ஒன்று வங்கியில் இல்லவே இல்லை, செலவாகிவிட்டது. விமான நிறுவனமும் பாடகரும் திருப்பித் தரும் 42,000 வர வாரங்கள் ஆகும், இன்சூரன்ஸ் அதைவிடத் தாமதமாகும், அதற்குள் ஹால்காரர் பாக்கி 12,000 கேட்பார். இந்த நிலையில்தான் நல்ல மனிதர்கள் கூடப் போனை எடுக்காமல் ஒளிய ஆரம்பிக்கிறார்கள். டிக்கெட் பணத்துக்குத் தனிக் கணக்கு வைத்து, நிகழ்ச்சி முடியும்வரை அதைத் தொடாமல் இருந்தால் இந்தத் தலைகுனிவு வராது. 65-ஆம் பிரிவின் நோக்கத்துக்கும் அதுதான் பொருந்துகிறது. முடியாத சின்னச் சங்கம் என்றால், குறைந்தது பாதியையாவது தொடாமல் வையுங்கள்.

ஹால் ஒப்பந்தத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். "30 நாள்" என்று இருந்தால் அது காலண்டர் நாளா வேலை நாளா என்று கையெழுத்துக்கு முன்னால் பாருங்கள். மேலே சொன்ன கணக்கில் அது வேலை நாளாக இருந்திருந்தால், சனி ஞாயிறும் செப்டம்பர் 24 விடுமுறையும் கழிய, அந்த முப்பது நாள் ஆகஸ்ட் 14-லேயே ஆரம்பித்திருக்கும், போன் வந்த அன்றே காலம் கடந்திருக்கும். கடிதம் அனுப்பிய நாள் கணக்கா, அவர்கள் கையில் கிடைத்த நாள் கணக்கா என்பதும் முக்கியம். வாட்ஸ்அப் செய்தி போதுமா, கையெழுத்திட்ட கடிதம் வேண்டுமா என்பதையும் அதே இடத்தில் தேடுங்கள்.

ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது என்பதாலேயே அந்த முக்கால் பங்கைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க வேண்டியதில்லை. அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு, முன்பதிவை ரத்து செய்யும் உரிமையை நுகர்வோருக்குத் தருகிறது, ரத்துக் கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும் என்கிறது. எவ்வளவு நாள் முன்னால் சொன்னீர்கள், அந்த இடைவெளியில் வேறு ஆளுக்கு ஹாலைக் கொடுக்க வாய்ப்பு இருந்ததா, அந்தத் தொழிலில் வழக்கம் என்ன என்பதையெல்லாம் வைத்து நியாயம் பார்க்கப்படும். சங்கமும் நுகர்வோராக இருக்கலாம், ஆண்டு வரவும் சொத்தும் 20 லட்சம் ராண்டுக்குக் கீழே இருந்தால். அதனால் ரத்து செய்தபிறகு அந்தச் சனிக்கிழமைக்கு ஹால் வேறு யாருக்காவது போயிற்றா என்று விசாரியுங்கள். செப்டம்பர் கடைசி என்றால் புரட்டாசி, நம் ஆட்களின் கல்யாணம் எதுவும் அந்தத் தேதியைப் பிடிக்காது, ஆனால் பள்ளி விழாவோ கம்பெனி நிகழ்ச்சியோ பிடித்திருக்கலாம். அப்படிப் போயிருந்தால் கட்டணத்தைக் குறைக்கக் கேட்க உங்களிடம் நல்ல காரணம் இருக்கிறது. திரும்பக் கிடைத்ததை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லிவிட வேண்டும், இரண்டு பக்கமும் வாங்க முடியாது.

ஹால்காரரே ரத்து செய்தால் கதை வேறு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனில் எத்தனை கட்டிடங்கள், சாலைகள் போயின என்று நமக்குத் தெரியும். ஹாலைத் திறக்க முடியவில்லை என்று அவர்கள் சொன்னால் நாள் பட்டியல் பொருந்தாது, நீங்கள் கொடுத்த வாடகை உங்களுக்குத் திரும்ப வேண்டும். மற்றச் செலவுகளுக்குத்தான் பாலிசியிடம் போக வேண்டும். இதில் ஒரு கண்ணி: சில ஒப்பந்தங்களில் "இயற்கைச் சீற்றத்தால் திறக்க முடியாவிட்டால் டெபாசிட் அடுத்த தேதிக்கு வரவு வைக்கப்படும்" என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடும்போதே அதை அடித்துவிட்டு, பணமாகத் திருப்பித் தரவேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள்.

டிக்கெட் வாங்கியவருக்கும் இதேபோல அடுத்த தேதியைத் திணிக்கக்கூடாது. கச்சேரி நவம்பருக்குத் தள்ளிப்போனால் டிக்கெட் செல்லும் என்று சொல்லலாம், வர முடிகிறவர்கள் சந்தோஷமாக வைத்துக்கொள்வார்கள். ஆனால் அவர் வாங்கியது செப்டம்பர் 26-க்கு. அன்று ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்தவர் நவம்பரில் வரமாட்டார். பணம் வேண்டும் என்றால் பணம்தான்.

நிகழ்ச்சி நடக்கிறது, டிக்கெட் வாங்கியவர்தான் வர முடியவில்லை என்றால், சங்கம் நியாயமான ரத்துக் கட்டணம் பிடிக்கலாம், அதற்கும் 17-ஆம் பிரிவுதான் அளவு. யாருக்காக வாங்கினாரோ அவர் இறந்துவிட்டாலோ ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாலோ ஒரு காசும் பிடிக்கக்கூடாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. "டிக்கெட் பணம் எக்காரணத்தாலும் திருப்பித் தரப்படமாட்டாது" என்று டிக்கெட்டின் பின்னால் அச்சடிக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அந்த வரி இந்தச் சட்டத்தின் முன்னால் நிற்காது. அதற்குப் பதிலாக அதே இடத்தில், நிகழ்ச்சி ரத்தானால் எத்தனை நாளில், எந்த வழியில் பணம் திரும்பும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று இரண்டு வரி அச்சடித்தால் போதும். அந்தப் பெரியம்மா ரத்தான மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டார்.